ஒளி போகட்டும், கம்பி போக வேண்டாம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆவடிப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். அறிவியல் கண்காட்சிக்கு மாணவர்கள் ஆர்டுயினோ பலகையை வைத்துச் செய்யும் திட்டங்கள் இப்போது எல்லாப் பள்ளிகளிலும் வருகின்றன. தானாக எரியும் தெருவிளக்கு, தானாக நிற்கும் தண்ணீர் மோட்டார், செல்போனில் இயங்கும் மின்விசிறி என்று பட்டியல் நீளம். இவற்றில் பாதிக்கு மேல் எங்கோ ஓரிடத்தில் 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தைத் தொடுகின்றன. அந்த இடத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். என் மேசையில் நடந்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன். தவறு மாணவனுடையது அல்ல, என்னுடையது.

கணக்கு சரி, இணைப்பு தவறு

பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் தொட்டி மோட்டார் திட்டம் செய்தான். கீழே சம்ப், மாடியில் தொட்டி. தொட்டி காலியானால் மோட்டார் ஓட வேண்டும், நிரம்பினால் நிற்க வேண்டும். இதுவரை எல்லோரும் செய்வதுதான். அவன் ஒரு படி மேலே போனான். "மிஸ், கரண்ட் போய்விட்டு வந்தால் மோட்டார் உடனே ஓடக் கூடாது, ஐந்து நிமிடம் பொறுத்து ஓட வேண்டும். அதற்குக் கரண்ட் இருக்கிறதா என்று ஆர்டுயினோவுக்குத் தெரிய வேண்டும்" என்றான். நல்ல யோசனை.

230 வோல்ட்டை ஆர்டுயினோவில் நேரே கொடுக்க முடியாது என்பது அவனுக்குத் தெரியும். அதன் முனைகள் 5 வோல்ட்டைத்தான் தாங்கும். எனவே நாம் வகுப்பில் நடத்திய தொடரிணைப்பையே பயன்படுத்தினான். 220 கிலோ ஓம், 2.2 கிலோ ஓம் என இரண்டு மின்தடைகளைத் தொடராக இணைத்தான். சிறிய மின்தடையின் குறுக்கே வரும் மின்னழுத்தத்தை ஆர்டுயினோவின் உள்ளீட்டு முனைக்குக் கொடுத்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 230ஐ 2.2ஆல் பெருக்கி 222.2ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.3 வோல்ட். மாறுதிசை மின்னோட்டத்தின் உச்சத்தில் 3.2 வோல்ட். ஐந்தைத் தாண்டவில்லை. நோட்டைப் பார்த்தேன், கணக்கு சரி, கையெழுத்துப் போட்டேன்.

ஆசிரியர் அறையில் சோதனை நடந்தது. இரண்டு முள் பிளக் ஒன்றைச் சுவரில் செருகினான். ஆர்டுயினோ யுஎஸ்பி கம்பி வழியாக என் மடிக்கணினியோடு இணைந்திருந்தது. மடிக்கணினி அதன் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் எண்கள் அழகாக வந்தன. அரை மணி நேரம் நிரலைத் திருத்திக்கொண்டே இருந்தான். பேட்டரி குறைந்துவிட்டது என்று அறிவிப்பு வந்ததும் மூன்று முள் சார்ஜரை எடுத்துச் செருகினேன்.

"டப்" என்று ஒரு சத்தம். விளக்குகள் அணைந்தன, பலகையில் சுவிட்ச் டிரிப் ஆனது. யுஎஸ்பி கம்பியின் முனை கருகியிருந்தது. ஆர்டுயினோவும் போயிற்று, மடிக்கணினியின் ஒரு யுஎஸ்பி துளையும் போயிற்று. யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

அன்று மாலை எங்கள் பள்ளியின் பழைய மாணவர் ஒருவரை அழைத்தேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மின்பலகை கட்டும் வேலை பார்க்கிறார். அவர் வந்து முதலில் பிளக்கைப் பார்த்தார். அது செருகியபடியே இருந்தது. சுவிட்சைப் போடாமல், எந்த முள் எந்தத் துளையில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு கழற்றினார். பிறகு துளைகளில் டெஸ்டர் வைத்துப் பார்த்தார். ஆர்டுயினோவின் கிரவுண்ட் முனையோடு இணைந்திருந்த கம்பிதான் ஃபேஸ் துளையில் இருந்திருக்கிறது.

"மிஸ், அந்த அரை மணி நேரமும் உங்கள் லேப்டாப்பின் யுஎஸ்பி துளையில் இருக்கிற இரும்பு முழுக்க 230 வோல்ட்டில் இருந்திருக்கிறது. சாவிப்பலகை பிளாஸ்டிக். அவன் இரும்பைத் தொடவில்லை, அவ்வளவுதான்" என்றார்.

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

கம்பியில் அமர்ந்த காகம்

மறுநாள் மாணவன் கேட்ட கேள்வி இதுதான்: "3 வோல்ட்தானே மிஸ் போனது. பிறகு எப்படி 230 வந்தது?"

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல நாம் ஆவடி ரயில் நிலையத்துக்குப் போக வேண்டும். தண்டவாளத்துக்கு மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட். அதன் மேல் காகம் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஏனென்றால் அதன் இரண்டு கால்களுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு ஏறக்குறைய சுழி. ஆனால் அதே காகத்துக்கும் நடைமேடையில் நிற்கும் நமக்கும் இடையே 25,000 வோல்ட் இருக்கிறது. மின்னழுத்தம் என்பது எப்போதும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு. இதை நாமே வகுப்பில் சொல்கிறோம். ஆனால் திட்டங்களைப் பார்க்கும்போது மறந்துவிடுகிறோம்.

மாணவன் போட்ட கணக்கு காகத்தின் இரண்டு கால்களுக்கு இடையே உள்ளது. உள்ளீட்டு முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 3 வோல்ட். அது சரிதான். ஆனால் அந்தக் கிரவுண்ட் எங்கே கட்டப்பட்டிருக்கிறது? பிளக்கின் ஒரு முள்ளில். அந்த முள் நியூட்ரலில் இருந்தால் கிரவுண்ட் தரைக்கு அருகில் இருக்கும், எதுவும் தெரியாது. பிளக்கைத் திருப்பிச் செருகினால் கிரவுண்டே ஃபேஸ் ஆகிவிடும். ஆர்டுயினோ முழுவதும், அதோடு சேர்ந்த யுஎஸ்பி கம்பி, மடிக்கணினி எல்லாமே காகத்தோடு சேர்ந்து கம்பியில் ஏறிவிட்டன. பேட்டரியில் ஓடும்வரை காகம் காற்றில் இருந்தது. நான் சார்ஜரைச் செருகினேன். பல சார்ஜர்களில் வெளிவரும் எதிர்முனை, மூன்றாவது முள் வழியாக எர்த்தோடு சேர்ந்திருக்கும். காகத்தின் இறக்கை தரையைத் தொட்டது. டப்.

சார்ஜருக்குப் பதில் ஒரு குழந்தையின் விரல் யுஎஸ்பி இரும்பைத் தொட்டு, அதன் வெறுங்கால் சிமெண்ட் தரையில் இருந்திருந்தால் பாதை அந்த உடல் வழியாகப் போயிருக்கும்.

மூன்று முள் பிளக் போட்டால் திரும்பாதே, அப்போது நியூட்ரல் எப்போதும் நியூட்ரல்தானே என்று கேட்கலாம். அதை நம்ப முடியாது. பழைய கட்டடங்களில் ஃபேஸும் நியூட்ரலும் மாறி இணைத்த துளைகள் ஏராளம். தெருவிலோ கட்டடத்திலோ நியூட்ரல் கம்பி அறுந்தால், ஓடிக்கொண்டிருக்கும் விளக்கு, விசிறிகளின் வழியாக அந்த அறுந்த முனைக்கே ஃபேஸ் வந்து நிற்கும். ஆகவே மின்தடை எவ்வளவு பெரியது என்பது கேள்வி அல்ல. 230 வோல்ட் பக்கத்திலிருந்து குழந்தை தொடும் பக்கத்துக்கு ஏதாவது ஒரு கம்பி வருகிறதா என்பதுதான் கேள்வி.

நான்கு கால் கருப்புத் துண்டு

கம்பி வரக் கூடாது, ஆனால் செய்தி வர வேண்டும். நடைமேடையில் நிற்கும் நமக்குக் காகம் கம்பியில் இருப்பது எப்படித் தெரிகிறது? கண்ணால் பார்க்கிறோம். ஒளி வருகிறது, மின்சாரம் வருவதில்லை. ஆப்டோகப்ளர் செய்வதும் இதுவே. தமிழில் ஒளிப்பிணைப்பி எனலாம்.

நமக்கு எளிதில் கிடைப்பது பிசி 817 என்னும் வகை. அரிசி மணியை விடச் சற்றுப் பெரிய கருப்புத் துண்டு, நான்கு கால்கள். ரிச்சி தெருவில் பத்து ரூபாய்க்குள் கிடைக்கும். உள்ளே ஒரு பக்கம் அகச்சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி. எதிர்ப்பக்கம் ஒளி பட்டால் மின்னோட்டத்தைக் கடத்தும் ஒரு டிரான்சிஸ்டர். நடுவில் ஒளியை விடும், மின்சாரத்தை விடாத பொருள். எல்.இ.டி.யில் சில மில்லி ஆம்பியர் ஓடினால் எதிர்ப்பக்க டிரான்சிஸ்டர் சுவிட்ச் போல மூடிக்கொள்ளும். இரண்டு பக்கத்துக்கும் இடையே 5,000 வோல்ட்டை ஒரு நிமிடம் கொடுத்துப் பார்த்தாலும் தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் தரவேட்டில் குறிப்பிடுகிறார்கள்.

பழைய மாணவர் எங்கள் சுற்றை இப்படி மாற்றினார். 230 வோல்ட் பக்கத்தில் 47 கிலோ ஓம் மின்தடை இரண்டைத் தொடராகப் போட்டு எல்.இ.டி.யோடு இணைத்தார். மொத்தம் 94 கிலோ ஓம். 230 வோல்ட்டின் உச்ச மதிப்பு 325 வோல்ட். அதை 94 கிலோ ஓமால் வகுத்தால் உச்சத்தில் ஏறக்குறைய 3.5 மில்லி ஆம்பியர். எல்.இ.டி.க்கு அது போதும்.

ஒரே மின்தடை போட்டால் என்ன என்று கேட்டேன். இரண்டு காரணம் சொன்னார். சிறிய கால் வாட் மின்தடைகள் பொதுவாக 250 வோல்ட் அளவுக்கே தகுதி பெற்றவை. எனவே மின்னழுத்தத்தை இரண்டாகப் பங்கிட வேண்டும். இரண்டாவது, வெப்பம். 230ஐ வர்க்கப்படுத்தி 94,000ஆல் வகுத்தால் 0.56 வாட். ஒவ்வொன்றிலும் 0.28 வாட். கால் வாட் மின்தடை போட்டால் நாளடைவில் கருகிப்போகும். அவர் ஒரு வாட் மின்தடைகளைப் போட்டார்.

இன்னொன்றையும் அவர் விடவில்லை. எல்.இ.டி.க்கு எதிர்த்திசையில் 1என்4007 டையோடு ஒன்றைக் குறுக்கே இணைத்தார். மாறுதிசை மின்னோட்டம் வினாடிக்கு 100 முறை திசை மாறுகிறது. எதிர்த்திசை வரும்போது எல்.இ.டி. கடத்தாது, அதனால் முழு மின்னழுத்தமும் அதன் மேல் விழும். அந்த எல்.இ.டி. எதிர்த்திசையில் 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. டையோடு இருந்தால் எதிர்த்திசை மின்னோட்டம் அதன் வழியே போய்விடும்.

மறுபக்கத்தில் வேலை எளிது. டிரான்சிஸ்டரின் ஒரு காலை ஆர்டுயினோவின் 2ஆம் எண் முனையிலும், இன்னொரு காலைக் கிரவுண்டிலும் இணைத்தார். கரண்ட் இருந்தால் அந்த முனை தாழ்நிலைக்கு வரும்.

இங்கே மாணவன் ஒரு சிக்கலைச் சந்தித்தான். கரண்ட் இருக்கும்போதே திரையில் "உண்டு, இல்லை, உண்டு, இல்லை" என்று மாறி மாறி வந்தது. எல்.இ.டி. ஓர் அரைச்சுற்றில் மட்டும் எரிகிறது, அடுத்த அரைச்சுற்றில் அணைகிறது. ஆகவே முனையை ஒருமுறை படித்தால் போதாது. ஒரு முழுச் சுற்றுக்கு 20 மில்லி வினாடி. இரண்டு சுற்றுக் காலம், அதாவது 40 மில்லி வினாடி காத்திருந்து, அதற்குள் ஒருமுறையாவது தாழ்நிலை வந்ததா என்று பார்க்க வேண்டும்.

```
// setup(): pinMode(2, INPUT_PULLUP);
bool mainsPresent() {
  unsigned long t = millis();
  while (millis() - t < 40) {
    if (digitalRead(2) == LOW) return true;
  }
  return false;
}
```

இந்தச் சிறு நிரலோடு அவன் விரும்பிய ஐந்து நிமிடக் காத்திருப்பு சரியாக வேலை செய்தது. பிளக்கை எப்படித் திருப்பிச் செருகினாலும் ஆர்டுயினோவின் கிரவுண்டுக்குக் கவலை இல்லை. அதற்கும் பிளக்குக்கும் கம்பித் தொடர்பே கிடையாது.

ரிலே பலகையில் இருக்கிறதே?

அவன் அடுத்த கேள்வி கேட்டான். "மோட்டாரை இயக்க வாங்கிய ரிலே பலகையில் ஏற்கெனவே இதே கருப்புத் துண்டு இருக்கிறதே மிஸ், அது எதற்கு?" நீலப்பெட்டி ரிலேக்கள் பொருத்திய அந்தப் பலகையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இதில் பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு.

ரிலேயின் உள்ளே ஒரு கம்பிச்சுருள், தனியாக ஒரு தொடுமுனை. சுருளில் மின்னோட்டம் ஓடினால் அது காந்தமாகித் தொடுமுனையை இழுக்கும். 230 வோல்ட் தொடுமுனையில் மட்டும் இருக்கிறது. சுருளுக்கும் அதற்கும் கம்பி இல்லை, காந்தப்புலம்தான் இருக்கிறது. ஆகவே தனிமைப்படுத்தும் வேலையை ரிலே ஏற்கெனவே செய்துவிட்டது. நம் உயிரைக் காப்பது அங்கே ஆப்டோகப்ளர் அல்ல, ரிலேயே.

அப்படியானால் ஆப்டோகப்ளர் எதற்கு? ரிலே சுருளால் வரும் தொந்தரவிலிருந்து ஆர்டுயினோவைக் காக்க. சுருள் 70 மில்லி ஆம்பியர் அளவுக்கு இழுக்கிறது. அதை அணைக்கும்போது மின்னழுத்தம் துள்ளுகிறது. பல ரிலேக்கள் ஒன்றாக இயங்கினால் 5 வோல்ட் வழங்கலும் ஆடுகிறது. மோட்டார் நின்ற கணத்தில் ஆர்டுயினோ தானாக மறுதொடக்கம் ஆகிறது என்றால் சந்தேகப்பட வேண்டிய காரணங்களில் இதுவும் ஒன்று.

ஆனால் வாங்கி வந்தபடியே பயன்படுத்தினால் அந்த ஆப்டோகப்ளர் எதையும் பிரிப்பதில்லை. பலகையின் ஓரத்தில் மூன்று முனைகள் இருக்கும், அதில் ஜே.டி.-வி.சி.சி., வி.சி.சி. என்ற இரண்டையும் சேர்த்து ஒரு சிறு தொப்பி மாட்டியிருக்கும். தொப்பி இருக்கும்வரை ஆப்டோகப்ளரின் இரு பக்கமும் ஒரே 5 வோல்ட்டிலும் ஒரே கிரவுண்டிலும் ஓடுகின்றன. சுவர் கட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைத்தது போல. பிரிக்க வேண்டுமானால் தொப்பியைக் கழற்ற வேண்டும். ஜே.டி.-வி.சி.சி. முனைக்கும் பலகையின் கிரவுண்டுக்கும் தனியான 5 வோல்ட் அடாப்டர் கொடுக்க வேண்டும். ஆர்டுயினோவிலிருந்து 5 வோல்ட்டும் கட்டளை முனையும் மட்டும் பலகைக்குப் போக வேண்டும். இரண்டு கிரவுண்டையும் சேர்க்கக் கூடாது. பழக்கத்தில் நாம் எல்லாக் கிரவுண்டையும் ஒன்றாக முறுக்கிவிடுவோம், அங்கேதான் வேலை கெடுகிறது.

எங்கள் மாணவனின் பலகையில் ஆர்டுயினோ ஒழுங்காக ஓடியது, மறுதொடக்கம் ஆகவில்லை. தொப்பியை அப்படியே விட்டுவிட்டோம். அது தவறல்ல. மோட்டாரைப் பொறுத்தவரை, தொடங்கும் கணத்தில் அது ஓடும்போதை விடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். 10 ஆம்பியர் என்று எழுதிய அந்தச் சிறு ரிலேயை நம்பக் கூடாது. ரிலே ஒரு காண்டாக்டரின் சுருளை இயக்கட்டும், காண்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும்.

எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

மாணவர் திட்டம் எதுவானாலும் நான் இப்போது ஒரே ஒரு வழியில் பார்க்கிறேன். தாளின் நடுவே ஒரு கோடு போடச் சொல்கிறேன். இடப்பக்கம் 230 வோல்ட்டோடு சேர்ந்த எல்லாமும், வலப்பக்கம் கையால் தொடும் எல்லாமும். பிறகு கோட்டைக் கடக்கும் ஒவ்வொரு இணைப்பையும் விரல் வைத்து எண்ணச் சொல்கிறேன்.

கோட்டைக் கடப்பது ரிலேயின் காந்தம் என்றால், அது போதும். கோட்டைக் கடப்பது மூடிய அடாப்டரின் 5 வோல்ட் என்றால், உள்ளே மின்மாற்றி பிரித்துவிட்டது, அதுவும் போதும். கம்பியைச் சுற்றி மாட்டும் மின்னோட்ட மின்மாற்றியும் அப்படியே. பேட்டரியில் ஓடும் கார் பொம்மை, எல்.இ.டி. விளக்கு, மண் ஈரம் பார்க்கும் கருவி ஆகியவற்றில் இடப்பக்கமே கிடையாது. அங்கே ஆப்டோகப்ளர் போட்டால் பாகம் வீண்.

கோட்டை ஒரு மின்தடை கடந்தால், அல்லது வெறும் கம்பி கடந்தால், அங்கே ஆப்டோகப்ளர் கட்டாயம். கரண்ட் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வகை. விளக்கின் ஒளியையோ விசிறியின் வேகத்தையோ டிரையாக் வைத்துக் குறைப்பது இன்னொரு வகை. டிரையாக்கில் ரிலே போலச் சுருள் இல்லை, அதன் கட்டளை முனை 230 வோல்ட்டோடு நேரே சேர்ந்தது. அங்கே பிசி 817 உதவாது. அதன் டிரான்சிஸ்டர் ஒரு திசை மின்னோட்டத்தை, சில பத்து வோல்ட் வரைதான் கையாளும். அதற்கென்றே வெளிப்பக்கத்தில் சிறு டிரையாக் வைத்த எம்.ஓ.சி. வரிசை ஆப்டோகப்ளர்கள் உண்டு. நம் நாட்டு 230 வோல்ட்டுக்கு 600 வோல்ட் தாங்கும் எம்.ஓ.சி. 3063 போன்றவை நல்லது. ஆனால் அது மாறுதிசை அலை சுழியைத் தாண்டும்போது மட்டும் சுவிட்சைப் போடும். எனவே விளக்கைப் போட, அணைக்க ஏற்றது, ஒளியைக் குறைக்க உதவாது. ஒளியைக் குறைக்க, நினைத்த கணத்தில் போடும் எம்.ஓ.சி. 3052 போன்ற வகை வேண்டும்.

ஆப்டோகப்ளர் இருந்தும் கெடும் வழிகளில் நான் கண்ட இரண்டைச் சொல்கிறேன். முதலாவது, துளைப்பலகையில் பற்றவைப்பது. பிசி 817இன் இரு பக்கக் கால்களுக்கு நடுவே ஏறக்குறைய 7.6 மில்லி மீட்டர் இடைவெளி உண்டு. துளைப்பலகையில் அந்த இடைவெளியில் இரண்டு வரிசை செம்பு வட்டங்கள் இருக்கும். ஒரு துளி ஈயம் சிந்தினால் பாதை கிடைத்துவிடும். அந்த வட்டங்களைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். பற்றவைக்காமல் செருகும் பிரெட்போர்டு 230 வோல்ட்டுக்கு உரியதே அல்ல. இரண்டாவது, ஆர்டுயினோவுக்கு மின்சாரம் தரும் பலகை. மின்மாற்றி இல்லாமல், ஒரு மின்தேக்கியை மட்டும் வைத்து 230ஐ 5 வோல்ட்டாக்கும் மலிவான பலகைகள் உண்டு. அவற்றின் கிரவுண்ட் நேரே பிளக்கோடு சேர்ந்தது. அதை மாட்டினால் ஆப்டோகப்ளரை அழகாகப் போட்டும் பயனில்லை.

சோதிக்க ஒரு வழி உண்டு. எல்லாவற்றையும் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை 20 மெகா ஓம் அளவில் வையுங்கள். ஒரு முனையைப் பிளக்கின் முள்ளிலும் மறுமுனையை ஆர்டுயினோ கிரவுண்டிலும் வையுங்கள். பிறகு இரண்டாவது முள். பிறகு யுஎஸ்பி இரும்பு. மீட்டர் எல்லை மீறியது என்றே காட்ட வேண்டும். எந்த எண் வந்தாலும் கோட்டை ஏதோ கடக்கிறது. "பீப்" ஒலிக்கும் அளவில் வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள். சில பத்து ஓமுக்குக் கீழே இருந்தால்தான் அது ஒலிக்கும், 220 கிலோ ஓம் வழியாக வரும் பாதையைச் சொல்லாது. மீட்டர் சரி என்றாலும், கம்பி இல்லை என்று மட்டுமே பொருள். இடைவெளி 230 வோல்ட்டைத் தாங்குமா என்பதைச் சில வோல்ட்டில் அளக்கும் மீட்டர் சொல்லாது. அதைக் கண்ணால் பார்த்து இடைவெளியை உறுதி செய்ய வேண்டும்.

வகுப்பில் 6 வோல்ட்

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். 230 வோல்ட் பக்கத்தை மாணவர்கள் கட்டக் கூடாது. பழைய மாணவர் கட்டியது ஃபியூஸோடு ஒரு மூடிய பிளாஸ்டிக் பெட்டியில், மோட்டார் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெளியே வருவது ஆர்டுயினோ பக்கத்தின் இரண்டு கம்பிகள் மட்டும்.

கண்காட்சி மேசையில் வேறு ஏற்பாடு செய்தோம். இயற்பியல் ஆய்வகத்தில் சோனாமீட்டரோடு வைத்திருக்கும் 6 வோல்ட் படியிறக்க மின்மாற்றியை எடுத்தோம். 6 வோல்ட்டின் உச்சம் 8.5 வோல்ட். எல்.இ.டி. எடுத்துக்கொள்வது 1.2 வோல்ட். மீதம் 7.3 வோல்ட். 94 கிலோ ஓமுக்குப் பதில் 2.2 கிலோ ஓம் போட்டால் 3.3 மில்லி ஆம்பியர். முன்பு 230 வோல்ட்டில் கிடைத்ததும் ஏறக்குறைய இதுவே. எல்.இ.டி.க்கு வித்தியாசம் தெரியாது. நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. 8.5 வோல்ட்டும் எல்.இ.டி.யின் எதிர்த்திசை எல்லையான 6 வோல்ட்டைத் தாண்டுவதால் அந்த டையோடு மட்டும் இங்கேயும் வேண்டும். அந்த 2.2 கிலோ ஓம் மின்தடை வேறெங்கிருந்தும் வரவில்லை. எங்கள் முதல் சுற்றில் 3 வோல்ட்டைக் கொடுத்த அதே மின்தடைதான்.

பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தோடும், பன்னிரண்டாம் வகுப்புக் குறைக்கடத்திப் பாடத்தில் வரும் எல்.இ.டி., டிரான்சிஸ்டரோடும் இதைச் சேர்த்து நடத்தலாம். பழுதான செல்போன் சார்ஜர் ஒன்றை, பல நாள் சுவரில் மாட்டாததாகப் பார்த்து, ஆசிரியரே திறந்து காட்டலாம். மின்தேக்கியில் மீதம் மின்னூட்டம் இருக்கக்கூடும் என்பதால் மாணவர் கையில் கொடுக்க வேண்டாம். பல சார்ஜர்களில் 230 வோல்ட் பக்கமும் 5 வோல்ட் பக்கமும் தனித்தனித் தீவுகளாக இருக்கும். அந்த இடைவெளியின் மேல் மின்மாற்றியும், அதன் பக்கத்தில் அதே நான்கு கால் கருப்புத் துண்டும் பாலம் போல நிற்கும். வெளியீடு 5 வோல்ட்டைத் தொட்டுவிட்டது என்ற செய்தியை ஒளியாகத் திருப்பி அனுப்புவது அதன் வேலை.

கண்காட்சிக்கு வந்த நடுவர் எங்கள் மாணவனிடம், "இந்தப் பத்து ரூபாய் பாகம் இல்லாமல் இரண்டு மின்தடையிலேயே முடித்திருக்கலாமே?" என்று கேட்டார். அவன் தாளில் ஒரு கோடு போட்டான். "சார், கணக்கு சரியாக வரும். ஆனால் கிரவுண்ட் இந்தப் பக்கம் வந்துவிடும்" என்றான். என் நோட்டில் நான் போட்ட கையெழுத்துக்கு அவனே திருத்தம் எழுதிவிட்டான் என்று எனக்குத் தோன்றியது.